படத்தில் வந்த தேவை, அளிப்புப் பட்டியலிலிருந்து சமநிலை விலையும் அளவும் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு மாணவி அனுப்பிய படத்தை வைத்து ஒருமுறை கணக்குப் போட்டேன். சமநிலை விலை 43.33, சமநிலை அளவு 101.67 என்று வந்தது. தேவைப் பக்கம் போட்டுப் பார்த்தேன், அளிப்புப் பக்கம் போட்டுப் பார்த்தேன், இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. புத்தகத்தின் கடைசியில் இருந்த விடையோ 37.5. புத்தகத்தில்தான் அச்சுப்பிழை இருக்கும் என்று சொல்லியும் விட்டேன்.

பிழை என்னுடையது. புத்தகம் தையல் பக்கமாக வளைந்திருந்ததால், படத்தில் அளிப்பு எண்கள் ஒரு வரிசை கீழே இறங்கித் தெரிந்தன. நான் அப்படியே எழுதிக்கொண்டேன். முதல் விலைக்கு நேராக அளிப்புக் கட்டம் காலியாக இருந்தது கண்ணில் பட்டது. 'இவ்வளவு குறைந்த விலைக்கு யாரும் விற்க மாட்டார்கள் போல' என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். கணக்கில் ஒரு தவறும் இல்லை. கணக்குக்குள் போன எண்கள்தான் தவறு.

அதனால் இந்த வழிகாட்டியில் பாதி, எண்களைச் சரியாக எடுப்பது பற்றித்தான். சமநிலையைக் கண்டுபிடிக்கும் கணக்கு நாலு வரியில் முடிந்துவிடும்.

படத்திலிருந்து தாளுக்கு

படத்தை நீங்களே எடுப்பதாக இருந்தால் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பக்கத்தை அழுத்திச் சமமாக்கி, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரட்டும். தலைக்கு மேலே விளக்கு எரிந்தால் வழவழப்பான தாளில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து, சரியாக வேண்டிய எண்ணையே விழுங்கிவிடும். பட்டியலோடு நிறுத்தாமல் அதற்கு மேலே உள்ள ஒரு வரியும் கீழே உள்ள ஒரு வரியும் படத்துக்குள் வர வேண்டும். 'அளவு நூறு கிலோவில்', 'வாரத்துக்கு' போன்ற குறிப்புகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

வேறொருவர் எடுத்த படம் என்றால், முதல் வேலை படத்தைச் சுழற்றி நேராக்குவது. பட்டியலின் கிடைக்கோடு திரையின் விளிம்புக்கு இணையாக வர வேண்டும். கோடு இல்லாத பட்டியல் என்றால், ஒரே வரிசையில் இருப்பதாகத் தோன்றும் எண்களின் அடிப்பாகத்தைக் கோடாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எழுதத் தொடங்குங்கள். வரிசை வரிசையாக எழுதாமல், நிரல் நிரலாக மேலிருந்து கீழாக எழுதுவது நல்லது. விலை எண்களை எல்லாம் எழுதி, எத்தனை என்று எண்ணுங்கள். தேவை எண்களை எழுதி எண்ணுங்கள். அளிப்பையும் அப்படியே. மூன்று எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால், விலை ஆறு, தேவை ஆறு, அளிப்பு ஐந்து என்று அங்கேயே மாட்டியிருப்பேன். ஆறாவது அளிப்பு எண் பட்டியலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பக்க எண் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

எண்ணிக்கை பொருந்தியபின், ஒரு தாளின் விளிம்பைத் திரையில் வைத்து வரிசை வரிசையாக மறுபடி ஒப்பிடுங்கள். சந்தேகமான எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். 3-ம் 8-ம், 1-ம் 7-ம், 0-வும் 6-ம் மங்கலான படத்தில் ஒன்றுபோலத் தெரியும். எது என்று இப்போதே முடிவெடுக்க வேண்டாம், பட்டியலே சற்று நேரத்தில் சொல்லிவிடும்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்து நகலெடுக்கும் வசதி போனில் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அதற்குக் காலிக் கட்டம் என்பது பெரும்பாலும் தெரியாது. நடுவில் ஒரு கட்டம் காலியாக இருந்தால், கீழே உள்ள எண்கள் எல்லாம் ஒரு படி மேலே ஏறிவிடும். எண்ணிப் பார்ப்பது அங்கேயும் வேண்டியதுதான்.

எது தேவை, எது அளிப்பு

இனிமேல் ஒரே பட்டியலை வைத்துப் பேசலாம். அன்றைக்கு என்னை ஏமாற்றிய பட்டியல்தான் இது, சரியாக எழுதியபின்:

| விலை (ஒரு கிலோவுக்கு) | தேவை (நூறு கிலோவில்) | அளிப்பு (நூறு கிலோவில்) |
|---|---|---|
| 10 | 185 | 20 |
| 20 | 160 | 55 |
| 30 | 135 | 90 |
| 40 | 110 | 125 |
| 50 | 85 | 160 |
| 60 | 60 | 195 |

நிரல்களின் தலைப்பு படத்தில் வெட்டுப்பட்டிருந்தால் கவலை வேண்டாம். விலை ஏறும்போது குறைந்துகொண்டே போவது தேவை, கூடிக்கொண்டே போவது அளிப்பு. சில பாடநூல்களில் தேவையைக் கேள்வி என்றும் அளிப்பை நிரம்பல் என்றும் எழுதியிருப்பார்கள், பொருள் ஒன்றுதான். ஆனால் விலை மேலிருந்து கீழாக ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 60-இல் தொடங்கி 10-இல் முடியும் பட்டியலில், கீழே போகப் போகக் கூடுவது தேவைதான். குழப்பம் வேண்டாம் என்றால், எழுதும்போதே குறைந்த விலையை மேலே வைத்து மாற்றி எழுதிவிடுங்கள்.

பட்டியலில் ஒரே ஒரு தேவை நிரலுக்குப் பதில் மூன்று நுகர்வோரின் தேவை தனித்தனியாக இருந்தால், ஒவ்வொரு விலைக்கும் மூவரின் அளவையும் கூட்டிச் சந்தைத் தேவை என்று ஒரு புதிய நிரல் எழுத வேண்டும். கூட்ட வேண்டியது அளவுகளை மட்டும், விலையைத் தொடக்கூடாது. சமநிலை என்பது சந்தை முழுவதற்குமானது, ஒருவரின் தேவையை வைத்து அதைச் சொல்ல முடியாது.

எண்களைச் சரியாகப் படித்தோமா: படிவித்தியாசச் சோதனை

இதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி, பலரும் செய்யாமல் விடும் பகுதியும் இதுதான். ஒவ்வொரு நிரலிலும் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை ஓரமாக எழுதுங்கள். முதலில் விலை நிரலில் செய்யுங்கள், ஏனென்றால் அது 10, 20, 30, 50 என்று ஒரு படியைத் தாண்டியிருந்தால் மற்றச் சோதனைகள் குழம்பும். நம் பட்டியலில் விலை ஒவ்வொரு படிக்கும் 10 ஏறுகிறது. தேவை ஒவ்வொரு படிக்கும் 25 குறைகிறது. அளிப்பு ஒவ்வொரு படிக்கும் 35 கூடுகிறது.

இப்போது படத்தில் 135 மங்கலாக இருந்து, அதை 185 என்று படித்திருந்தால் என்ன ஆகும்? தேவை 185, 160, 185, 110 என்று போகும். விலை ஏறும்போது தேவையும் ஏறுகிறது. தேவை விதிக்கே இடிக்கிறது, ஆகவே அது 8 இல்லை, 3. இந்த மாதிரிப் பிழை எளிதில் பிடிபடும்.

கண்ணுக்குத் தெரியாமல் நழுவுவது சின்னப் பிழை. அளிப்பு நிரலில் 90-ஐ 96 என்று படித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20, 55, 96, 125, 160, 195. எல்லாம் ஏறுமுகம், அளிப்பு விதிக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் படிவித்தியாசத்தைப் பாருங்கள்: 35, 41, 29, 35, 35. ஒரு படி 6 கூடியிருக்கிறது, அதற்கு அடுத்த படி அதே 6 குறைந்திருக்கிறது. நடுவில் ஒரே ஒரு எண்ணைத் தவறாகப் படித்தால் விழும் கைரேகை இது. அந்த இரண்டு படிகளும் சந்திக்கும் இடத்தில் உள்ள எண்தான் குற்றவாளி. படத்தை அந்த இடத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், போதும்.

இந்தச் சோதனைக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதல் எண்ணோ கடைசி எண்ணோ தவறாக இருந்தால் ஒரு படி மட்டும்தான் மாறும், அந்தப் பட்டியல் உண்மையிலேயே அப்படித்தானோ என்ற சந்தேகம் தீராது. இன்னொன்று, ஒரு நிரல் முழுவதுமாக ஒரு வரிசை நகர்ந்திருந்தால் இந்தச் சோதனை வாயே திறக்காது. நகர்ந்த எண்களுக்கு இடையேயும் 35 தானே இருக்கும். நான் ஏமாந்தது அங்கேதான். அதைப் பிடிக்க எண்ணிக்கையும், முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் காலிக் கட்டம் இருக்கிறதா என்று பார்ப்பதும் மட்டுமே வழி.

ஒரு கட்டத்தைக் கட்டைவிரலோ நிழலோ மறைத்திருந்தால்? மற்றப் படிகள் எல்லாம் சமமாக இருந்தால் அதே படியை வைத்து நிரப்பலாம். நிரப்பியதை விடையில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள். மறைந்த கட்டம் தேவையும் அளிப்பும் சந்திக்கும் இடத்துக்குத் தொலைவில் இருந்தால் நிரப்பவே வேண்டாம், அது விடையைத் தொடாது.

நான்காவது நிரல்

எண்கள் உறுதியாகிவிட்டன. இனி ஒவ்வொரு வரிசையிலும் தேவையிலிருந்து அளிப்பைக் கழியுங்கள்.

| விலை | தேவை − அளிப்பு | நிலை |
|---|---|---|
| 10 | 165 | பற்றாக்குறை |
| 20 | 105 | பற்றாக்குறை |
| 30 | 45 | பற்றாக்குறை |
| 40 | −15 | உபரி |
| 50 | −75 | உபரி |
| 60 | −135 | உபரி |

ஏதாவது ஒரு வரிசையில் இந்த வித்தியாசம் பூச்சியமாக இருந்தால் வேலை முடிந்தது. அந்த வரிசையின் விலைதான் சமநிலை விலை, அதன் அளவுதான் சமநிலை அளவு. பாடநூல் கணக்குகள் பலவும் இப்படிச் சுலபமாக முடிந்துவிடும்.

நம் பட்டியலில் பூச்சியம் இல்லை. ஆனால் 30-இல் கூட்டல் குறி, 40-இல் கழித்தல் குறி. விலை 30 ஆக இருந்தால் வாங்க வந்தவர்களுக்கு 45 அலகு கிடைக்காமல் போகிறது, அதனால் விலை மேலே தள்ளப்படும். 40 ஆக இருந்தால் விற்க வந்தவர்களிடம் 15 அலகு தேங்கி நிற்கிறது, அதனால் விலை இறங்கும். ஆக, சமநிலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

இந்த இடத்தில் மூன்று விதமான தவறான விடைகளைப் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் மிகக் குறைவாக இருக்கும் வரிசையைப் பிடித்து 40 என்று எழுதுவது ஒன்று. நடுவில்தானே இருக்கிறது என்று 35 எழுதுவது இன்னொன்று. மூன்றாவது, விலை 40-இல் உள்ள 110-ஐயும் 125-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 117.5 தான் சமநிலை அளவு என்பது. கடைசியானது உண்மை விடைக்குக் கிட்டத்தில் விழுவதால் ஏதோ சரி போலத் தோன்றும். ஆனால் 40-இல் 110 தான் வாங்கப்படும், மீதி விற்காமல் நிற்கும். சராசரிக்கு அங்கே ஒரு பொருளும் இல்லை.

சரியான வழி இடைச்செருகல். விலை 30-லிருந்து 40-க்குப் போகும்போது வித்தியாசம் 45-லிருந்து −15-க்கு, அதாவது மொத்தம் 60 இறங்குகிறது. பூச்சியத்தைத் தொட 45 இறங்கினால் போதும். 60-இல் 45 என்பது முக்கால் பங்கு. ஆகவே விலையும் 10-இல் முக்கால் பங்கு, அதாவது 7.5 ஏற வேண்டும். சமநிலை விலை 37.5.

சூத்திரமாக வேண்டும் என்பவர்களுக்கு:

```
P* = P1 + (P2 − P1) × D1 / (D1 − D2)
   = 30 + 10 × 45 / (45 − (−15))
   = 37.5
```

`P1`, `P2` என்பவை குறி மாறும் இரண்டு விலைகள், `D1`, `D2` அந்த விலைகளில் உள்ள வித்தியாசங்கள். `D2` கழித்தல் எண் என்பதை மறந்து 45 − 15 என்று போடுபவர்கள் உண்டு. அப்போது விலை 45 என்று வரும், 30-க்கும் 40-க்கும் வெளியே. அப்படி வெளியே விழுந்தாலே குறியில் கோளாறு என்று புரிந்துகொள்ளலாம்.

அளவுக்கும் அதே முக்கால் பங்குதான். தேவை 135-லிருந்து 25-இன் முக்கால் பங்கு, அதாவது 18.75 குறைந்து 116.25 ஆகிறது. அளிப்பு 90-லிருந்து 35-இன் முக்கால் பங்கு, அதாவது 26.25 கூடி அதே 116.25 ஆகிறது.

மனக்கணக்காக ஒரு சரிபார்ப்பு: 15 என்பது 45-இல் மூன்றில் ஒரு பங்கு. உபரி சிறியதாக இருப்பதால் விடை 40-இன் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். 37.5 அப்படித்தான் நிற்கிறது.

பொருந்துவது மட்டும் போதாது

தேவையும் அளிப்பும் 116.25 என்று பொருந்தியதும் பலர் பேனாவை மூடிவிடுவார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். வித்தியாசம் பூச்சியமாகும் இடத்தைத்தானே தேடிப் பிடித்தோம், அங்கே இரண்டும் பொருந்தாமல் எப்படி இருக்கும்? அந்தப் பொருத்தம், வகுத்ததும் பெருக்கியதும் சரி என்று மட்டும்தான் சொல்கிறது. எண்களைப் படத்திலிருந்து சரியாக எடுத்தோமா என்பது பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 90-ஐ 96 என்று படித்திருந்தாலும் விலை 37.22, அளவு 116.94 என்று அதுவும் அழகாகப் பொருந்தியிருக்கும்.

உண்மையான சரிபார்ப்புக்கு, இதுவரை பயன்படுத்தாத வரிசைகளைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். படிகள் சமமாக இருக்கும் பட்டியலில் முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் வைத்துச் சமன்பாடு எழுதுங்கள். விலை 10-லிருந்து 60-க்கு 50 ஏறும்போது தேவை 185-லிருந்து 60-க்கு 125 குறைகிறது. ஒரு அலகு விலைக்கு 2.5. விலை பூச்சியமானால் தேவை 185 + 25 = 210. அளிப்பு 20-லிருந்து 195-க்கு 175 கூடுகிறது, ஒரு அலகு விலைக்கு 3.5. விலை பூச்சியத்தில் 20 − 35 = −15.

```
Qd = 210 − 2.5P
Qs = −15 + 3.5P
210 − 2.5P = −15 + 3.5P
225 = 6P
P = 37.5,  Q = 210 − 93.75 = 116.25
```

நடு வரிசைகள் சொன்னதையே ஓர வரிசைகளும் சொல்கின்றன. 96 என்று தவறாகப் படித்திருந்தால் ஒன்று 37.22 என்றும் மற்றொன்று 37.5 என்றும் சொல்லியிருக்கும், அந்தச் சண்டையைப் பார்த்தே பிழையைத் தேடத் தொடங்கியிருப்போம்.

அந்த −15-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். கழித்தல் அளவில் யாரும் பொருளை அளிப்பதில்லை. விலை சுமார் 4.29-ஐத் தாண்டினால்தான் அளிப்பு தொடங்குகிறது என்பதே அதன் பொருள். அதுகூடப் பட்டியலுக்கு வெளியே நீட்டிப் பார்த்ததுதான். பட்டியல் 10-இல் தொடங்குவதால் நம் விடைக்கு அது தேவையில்லை.

இதை வரைபடமாகவும் வரையச் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்திலிருந்து பொருளியலில் விலையைச் செங்குத்து அச்சில் வைப்பதுதான் வழக்கம். அதனால் தாளில் தெரியும் தேவைக் கோட்டின் சாய்வு 2.5 ஆக இருக்காது, அதன் தலைகீழான 0.4 ஆக இருக்கும். சமன்பாட்டில் உள்ள எண்ணையே சாய்வு என்று எடுத்து வரைந்தால் கோடுகள் வேறெங்கோ போய் வெட்டும்.

படிகள் சமமாக இல்லாவிட்டால்

எல்லாப் பட்டியலும் இப்படி நேர்கோடாக இருப்பதில்லை. தேவை 230, 175, 135, 110, 95, 85 என்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். படிகள் 55, 40, 25, 15, 10. சமமில்லை, ஆனால் சீராகச் சுருங்குகின்றன. இது தவறாகப் படித்ததன் அடையாளம் இல்லை, தேவைக் கோடு உண்மையிலேயே வளைந்திருக்கிறது. பிழையாக இருந்தால் ஒரு படி திடீரென்று பெருத்து அடுத்தது திடீரென்று சிறுக்கும், இப்படி ஒழுங்காக இறங்காது.

அளிப்பு பழையபடியே இருந்தால், 30-க்கும் 40-க்கும் நடுவில் இடைச்செருகல் செய்யும்போது மறுபடி 37.5 தான் வரும். ஆனால் இப்போது அது தோராயம். கோடு உள்நோக்கி வளைந்திருப்பதால், இரண்டு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் உண்மைத் தேவை இருக்கும். அப்படியென்றால் 37.5-இல் தேவை 116.25-ஐ விடக் கொஞ்சம் குறைவு, ஆகவே உண்மையான சமநிலை விலையும் 37.5-க்குச் சற்றுக் கீழே. எவ்வளவு கீழே என்று இந்தப் பட்டியலால் சொல்ல முடியாது.

இங்கே ஓர வரிசைகளை வைத்துச் சமன்பாடு எழுதுவது ஆபத்து. முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் இணைத்தால் விலை ஏறக்குறைய 42.8 என்று வரும். 40-இலேயே உபரி இருக்கிறது என்று பட்டியல் சொல்லும்போது, சமநிலை 40-க்கு மேலே எப்படிப் போகும்? வளைந்த பட்டியலில் குறி மாறும் இரண்டு வரிசைகளை மட்டும் நம்புங்கள். 'சமநிலை விலை 30-க்கும் 40-க்கும் இடையே, சுமார் 37' என்று எழுதுவது 37.50 என்று இரண்டு தசமத்தோடு எழுதுவதைவிட நேர்மையானது.

குறி மாறவே இல்லை என்றால் சமநிலை பட்டியலுக்குள் இல்லை. எல்லா வரிசையிலும் பற்றாக்குறை என்றால் அது கடைசி விலைக்கு மேலே இருக்கும், எல்லாவற்றிலும் உபரி என்றால் முதல் விலைக்குக் கீழே. ஆனால் அப்படிச் சொல்வதற்கு முன் படத்தை ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் பட்டியலின் கடைசி இரண்டு வரிசைகள் படத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கும்.

அலகு

விடையை 116.25 என்று மட்டும் எழுதினால் அது பாதி விடைதான். நிரலின் தலைப்பில் நூறு கிலோ என்று இருப்பதால் சமநிலை அளவு 11,625 கிலோ. தலைப்பு வெட்டுப்பட்டிருந்தால் யூகித்து எழுதாதீர்கள், படம் அனுப்பியவரிடம் கேட்டுவிடுங்கள். விலை நிரலின் அலகு அளவின் அலகிலிருந்து வேறாக இருக்கலாம் என்பதையும் கவனியுங்கள். இங்கே விலை ஒரு கிலோவுக்கு, அளவு நூறு கிலோவில். மொத்த வருவாய் கேட்டால் 37.5-ஐ 11,625-ஆல் பெருக்க வேண்டும், 116.25-ஆல் இல்லை.

கிலோவுக்குப் பதில் துண்டு துண்டாக எண்ணும் பொருளாக இருந்து 116.25 என்று வந்தால்? கால் நாற்காலியை யாரும் வாங்குவதில்லைதான். ஆனால் இது வாரத்துக்கு இவ்வளவு என்ற வேகம், நான்கு வாரத்தில் 465 என்று நினைத்தால் ஒரு முரண்பாடும் இல்லை. கேள்வி முழு எண் கேட்டால் மட்டும் முழுமையாக்குங்கள்.

அடுத்த கேள்வி: தேவை கூடினால்

இந்த மாதிரிப் பட்டியலுக்குக் கீழே வழக்கமாக ஒரு இரண்டாம் பகுதி இருக்கும். 'ஒவ்வொரு விலையிலும் தேவை 30 அலகு கூடுகிறது, புதிய சமநிலை என்ன?' முழுப் பட்டியலையும் புதிதாக எழுத வேண்டியதில்லை. நான்காவது நிரலில் ஒவ்வொரு எண்ணோடும் 30 கூட்டினால் போதும். 30-இல் 75, 40-இல் 15, 50-இல் −45. குறி மாறும் இடம் இப்போது 40-க்கும் 50-க்கும் நடுவே நகர்ந்துவிட்டது. பழைய 30-க்கும் 40-க்கும் நடுவிலேயே தேடிக்கொண்டிருப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். 60-இல் 15 கால் பங்கு, ஆகவே விலை 40 + 2.5 = 42.5. அளிப்பு 125 + 8.75 = 133.75.

தேவை 30 கூடியும் சமநிலை அளவு 116.25-லிருந்து 133.75-க்கு, 17.5 மட்டும் கூடியிருக்கிறது. மீதி 12.5 எங்கே போனது? விலை 5 ஏறியதால், வாங்க நினைத்தவர்களில் ஒரு பகுதி பின்வாங்கிவிட்டது. ஒரு அலகு விலைக்கு 2.5 வீதம், 5-க்கு 12.5. அதே விலையேற்றம் விற்பவர்களிடமிருந்து ஒரு அலகுக்கு 3.5 வீதம் 17.5-ஐ வெளியே கொண்டுவந்திருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 30. இந்தக் கூட்டல் இடிக்கவில்லை என்றால் புதிய விடையையும் நம்பி எழுதலாம்.